கூடத்தில் சோபா வராவிட்டால் என்னடி!

கல்யாணம் என்றால் நம் வீடுகளில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நலுங்குக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று, ஆரத்திக்கு ஒன்று என்று பாட்டிமார் நினைவிலிருந்தே எடுத்து விடுவார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அப்படி இல்லை. விடியற்காலையில் கணபதி ஹோமம், பசுவும் கன்றும், நிறைகுடம், உப்பு, மஞ்சள், பால் காய்ச்சுவது எல்லாம் முறையாக நடக்கும். பாட்டு மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வரும். அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத பக்திப் பாட்டு அது.

இத்தனைக்கும் வீடு கட்டும் வேலை பாட்டோடு நடந்த வேலைதான். பாரதியாரின் குயில் பாட்டில், குயில் தன் மனத்தைப் பறித்த இசைகளை அடுக்கிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்கள் பாட்டு, இவற்றோடு சுண்ணாம்பு இடிப்பவர்களின் பாட்டையும் அந்தக் குயில் சேர்க்கிறது. சுண்ணாம்புச் சாந்து போய் சிமென்ட் வந்ததும் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் கும்மி மெட்டு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கும்மி தெரியாத தமிழ்க் காது கிடையாது. புதுவீட்டுக்கு ஒரு பாட்டுக் கட்ட வேண்டும் என்றால் அதைவிடத் தோதான மெட்டு எனக்குத் தெரியவில்லை.

என் அண்ணன் மகளும் அவள் கணவரும் சென்னைப் புறநகரில் முதல் வீடு வாங்கினார்கள். இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, 480 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுக்களை, குளியலறை, துணி காயப்போட ஒரு குட்டி பால்கனி. "அத்தை, நீங்கதான் பாட்டு எழுதணும்" என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பாட்டு எப்படி உருவானது என்று சொன்னால், எழுத நினைப்பவர்களுக்கு வழி பிடிபடும்.

முதலில் மெட்டின் கணக்கு. கும்மியை 'தகிட தகிட' என்று மும்மூன்றாக எண்ண வேண்டும். ஒரு தகிடவுக்கு ஒரு கைதட்டல். ஒரு முழு அடிக்கு எட்டுத் தட்டு. முதல் ஏழு தட்டிலும் மூன்று மூன்று எழுத்தாக ஓசை நிறைந்திருக்கும். எட்டாவது தட்டில் ஒரே எழுத்து விழுந்து, மீதி இடம் மூச்சு வாங்குவதற்கு. நாங்கள் வாசலுக்கு எழுதிய கண்ணியை இப்படிப் பிரித்துக் கைதட்டிப் பாருங்கள்: வாசல்ப, டியினில், மாக்கோலம், போட்டபின், வாழைம, ரங்கட்டி, கும்மிய, டி. வார்த்தை எங்கே உடைகிறது என்று கவலைப்பட வேண்டாம். தட்டு விழும் இடத்தில் ஓசை கனமாக இருக்கிறதா என்று மட்டும் காது பார்த்துக்கொள்ளும்.

வாசல் படியினில் மாக்கோலம் போட்டபின்
வாழை மரங்கட்டிக் கும்மியடி
யோசனை இன்றியே யார்வந்து நின்றாலும்
உட்கார வையென்று கும்மியடி

இதில் இரண்டு அடிகளையும் தைத்து வைப்பது எதுகை. 'வாசல்' என்பதில் இரண்டாம் எழுத்து 'ச'. 'யோசனை' என்பதிலும் அதுவே. கூட்டத்தில் பாடுகிறவர்களுக்கு அடுத்த அடியை நினைவுபடுத்துவது இந்த எதுகைதான், தாளில்லாமல் பாடவேண்டிய பாட்டில் அதை விட்டுவிடக் கூடாது. மோனை முடிந்தால் வரட்டும், வராவிட்டால் பாட்டு கெட்டுவிடாது. ஒவ்வொரு அடியும் 'கும்மியடி' என்றே முடிவதற்கும் காரணம் உண்டு. பாட்டே தெரியாத விருந்தாளியும் அந்த ஒரு வார்த்தையில் சேர்ந்துகொள்ளலாம். வந்தவர்களில் பாதிப் பேர் அப்படிச் சேருகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

கணக்கு இவ்வளவுதான், அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கும்மியில் உட்கார்ந்ததும் எல்லார் கையும் தானாக எழுதுகிற வரி ஒன்று உண்டு: செல்வம் பெருகிச் சிறப்புடன் வாழ்ந்திட என்று தொடங்கும் வரி. தாளத்தில் அது பிசகாமல் நிற்கும். நானும் அப்படி ஒன்றை எழுதி வைத்திருந்தேன். பிறகு அந்த வரியை எடுத்து, பக்கத்து அடுக்ககத்தில் வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் பாடுவதாக நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே பொருந்தியது. வேறு வீட்டுக்கும் பொருந்துகிற வரி இந்த வீட்டுப் பாட்டுக்கு வேண்டாம். 'காணி நிலம் வேண்டும்' என்று பராசக்தியிடம் கேட்ட பாரதியார் பொதுவாக நல்ல வீடு கொடு என்று கேட்டுவிட்டுப் போகவில்லை. தூண் எப்படி இருக்க வேண்டும், கிணறு எங்கே, தென்னை மரம் பத்தா பன்னிரண்டா, நிலா வெளிச்சம் எந்தப் பக்கம் என்று இடம் சுட்டிக் கேட்டார். வீட்டுப் பாட்டு அப்படிக் கை நீட்டிக் காட்ட வேண்டும்.

அதற்கு அந்த வீட்டுக்காரர்களிடமே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. "உங்களுக்கு என்ன ஆசை?" என்று கேட்டால் பதில் வராது, கூச்சப்படுவார்கள், அல்லது "நல்லா இருந்தா போதும் அத்தை" என்பார்கள். ஒவ்வொரு அறையாகச் சொல்லி, "இங்கே காலையில் நீ என்ன செய்வாய்? ராத்திரி என்ன செய்வாய்?" என்று கேட்க வேண்டும். இருவரையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. சேர்ந்திருந்தால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார்.

அண்ணன் மகளிடம் கூடத்தைப் பற்றிக் கேட்டபோது அவள் சோபாவைப் பற்றிப் பேசவே இல்லை. "ஆணி அடிக்கலாம் அத்தை!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருந்த வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது கண்டிப்பான நிபந்தனை. கல்யாணப் படம் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும், தேதி பார்க்க எழுந்துபோய்த் திருப்ப வேண்டும். சொந்த வீடு என்றால் என்ன என்பதற்கு அவளிடம் இருந்த விளக்கம் ஒரு சுத்தியலும் ஓர் ஆணியும்தான். அதை நான் அப்படியே எழுதினேன், என் பங்கு தாளம் மட்டும்.

ஆணி அடித்திட யாரையும் கேட்டிட
வேண்டிய தில்லையே கும்மியடி
காணும் சுவரெல்லாம் நம்சுவர் தானடி
காலண்டர் மாட்டியே கும்மியடி

பாட்டு முழுவதிலும் அதிகம் சிரிப்பு வந்தது இந்தக் கண்ணிக்குத்தான். வந்திருந்தவர்களில் வாடகை வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பேரா? அவர்கள் இதை இரண்டு தடவை பாடச் சொன்னார்கள்.

மாப்பிள்ளையிடம் கேட்டதில் கிடைத்தது சோபா. கையில் இருந்த பணமெல்லாம் பதிவுச் செலவுக்கும் அலமாரிகளுக்கும் போய்விட்டது, சோபா வாங்க ஒரு வருஷம் ஆகும் என்று கொஞ்சம் வருத்தமாகச் சொன்னார். கூடம் பத்துக்குப் பத்து. சோபா போட்டால் நடக்க இடமிருக்காது என்பது என் எண்ணம், அதை அவரிடம் சொல்லவில்லை, பாட்டில் சொன்னேன்.

கூடத்தில் சோபா வராவிட்டால் என்னடி
கோரைப்பாய் போதுமே கும்மியடி
பாடவும் ஆடவும் பத்துக்குப் பத்துண்டு
பந்தியும் போடலாம் கும்மியடி

சோபா, காலண்டர், பால்கனி என்று வருகிறதே, பாட்டில் இவை உறுத்தாதா என்று சிலர் கேட்டார்கள். கும்மி எப்போதுமே அன்றன்றைக்குப் புழங்கும் வார்த்தையை ஏற்றுக்கொண்ட பாட்டு. வீட்டில் அதை பால்கனி என்று அழைத்துவிட்டுப் பாட்டில் வேறு பெயர் சொன்னால் யாருக்கும் தங்கள் வீடு நினைவுக்கு வராது. வார்த்தை தகிடவில் உட்காருகிறதா என்பதுதான் கேள்வி. 'பால்கனி' ஒரே தட்டில் உட்கார்ந்துவிடுகிறது. 'படுக்கையறையில்' என்பதுதான் படுத்தும், குறில் குறிலாக ஓடி தட்டுக்குப் பிடி கொடுக்காது. அதனால் அந்த அறையின் பெயரைச் சொல்லாமல் அதன் ஜன்னலைச் சொன்னேன்.

சன்னல் அருகினில் கட்டிலைப் போடடி
சாமத்துக் காற்றுக்குக் கும்மியடி
சின்னச் சிறுசண்டை வந்தாலும் ராத்திரி
தீர்ந்து விடவேண்டும் கும்மியடி

ஆள் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. செல்வி, வள்ளி போன்ற பெயர்கள் எங்கே வைத்தாலும் நிற்கும். கார்த்திகேயன் என்றால் முதல் தட்டு நிறைந்து, கடைசி எழுத்து அடுத்த தட்டுக்குள் காலை நீட்டும். கிருஷ்ணமூர்த்தி வந்தால் கைதட்டுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் பெரும்பாலும் பொருந்தும். அதுவும் சரிவராவிட்டால் பெயரை வரிக்குள் திணிக்காமல், கண்ணிக்கு முன்னால் குரல் கொடுத்து அழைத்துவிட்டுப் பாடலாம். எங்கள் பாட்டில் மாப்பிள்ளை 'மாப்பிள்ளை'யாகவே வந்தார். அந்தச் சொல் ஒரு தட்டுக்கு அளந்து செய்தது மாதிரி இருக்கிறது.

அடுக்களைக் கண்ணிக்கு ஒரு தனிச் சிக்கல். மற்ற எதற்கும் அவசரம் இல்லை, பாலுக்கு உண்டு. பாட்டை வாசலில் தொடங்கி அறை அறையாகப் போனால் கேட்கிறவர்கள் வீட்டுக்குள் நடந்துபோவது போலத் தொடர்ச்சி கிடைக்கும். ஆனால் அரை லிட்டர் பாலைச் சின்னப் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தால், கூடத்தில் நிற்கும்போதே பால் பொங்கிவிடும். எல்லாரும் பாட்டை விட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள், மிச்சக் கண்ணிகள் அந்தரத்தில் நிற்கும். ஆகவே அடுக்களைக் கண்ணியை வரிசையில் கட்டிப் போடாமல் தனியாக வைத்துக்கொண்டோம். அடுப்பருகில் நின்ற என் தங்கை, பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டி நடுவில் ஏடு எழும்ப ஆரம்பித்ததும் கையைத் தூக்கினாள். அப்போது பாடிக்கொண்டிருந்த கண்ணியை முடித்துவிட்டு நேரே அடுக்களைக்குத் தாவினோம். பால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டவும் முதல் அடி முடியவும் சரியாக இருந்தது. ஏடு எழும்பிய பிறகு கிடைப்பது சில நொடிகள்தான். அடுப்பைச் சின்னதாக வைத்திருந்தால் ஓர் அடி பாட நேரம் கிடைக்கும், பெரிதாக எரிந்தால் கிடைக்காது.

பாலும் அடுப்பினில் பொங்குது பாரடி
பானை நிறைந்திடக் கும்மியடி
காலையில் காப்பியை மாப்பிள்ளை போடணும்
கைமணம் காண்போமே கும்மியடி

இரண்டாம் அடி என் கற்பனை இல்லை. காலையில் முதலில் எழுபவர் யார் என்று கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டது.

பால்கனிக் கண்ணிதான் ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது. பாட்டு எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டதும் பெரியம்மா போன் செய்தார். "ஒரு தொட்டில் வரி போட்டுடு. அடுத்த வருஷம் கூடத்துல தொட்டில் ஆடணும்னு."

"அது வேண்டாம் பெரியம்மா."

"ஏன்டி, நல்ல வார்த்தைதானே?"

நல்ல எண்ணத்தில் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அத்தனை பேர் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டு ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைப் பாடும்போது, அவள் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் குழந்தைக்காகக் காத்திருக்கலாம், இப்போது வேண்டாம் என்று இருக்கலாம், மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எதுவானாலும் அது அந்த இரண்டு பேருக்குள் இருக்கும் பேச்சு. வாழ்த்துப் பாட்டில் வரும் ஆசை அவர்களே தங்கள் வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். நாமாகத் தூக்கி வைக்கும் ஆசை அவர்களுக்குப் பாரமாகிவிடும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. பெரியம்மாவிடம் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "அவளா சொன்னா போடறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "சரி, அப்ப பக்கத்து வீட்டுக்குப் பூ கொடுக்கணும்னு போடு. அக்கம்பக்கம் இல்லாம என்ன குடித்தனம்?"

முற்றம் கிடையாது மூன்றடி பால்கனி
முல்லைக் கொடிவைத்துக் கும்மியடி
பற்றிப் படர்ந்தது பக்கத்து வீட்டுக்கும்
பத்துப்பூ தந்திடக் கும்மியடி

குளியலறைக்கு எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மாப்பிள்ளை அங்கேதான் உரக்கப் பாடுவார், குழாய் தாளம் போடும் என்று வந்தது. அறை என்று இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் எல்லா அறையிலும் இருக்கப்போகிற ஒன்றுக்கும் ஒரு கண்ணி வேண்டியிருந்தது, அதுதான் வீட்டுக் கடன். இருபது வருஷத் தவணை. மங்கல நாளில் கடன் பேச்சு எதற்கு என்று அண்ணன் தயங்கினார். அவளோ, "அதையும் பாடிட்டா பயம் போயிடும்பா" என்றாள்.

வங்கித் தவணையைத் தேதிக்குக் கட்டியும்
மல்லிப்பூ வாங்கணும் கும்மியடி
தங்கம் பிறகொரு நாளைக்கு வாங்கலாம்
சம்பளம் மிஞ்சணும் கும்மியடி

பாடுகிற நாளைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று சுருதி. பொதுவாக ஆண்களுக்கு ஒரு கட்டையும் பெண்களுக்கு ஐந்து கட்டையும் வசதி என்பார்கள். பாடத் தெரிந்தவர் ஒருவர் தன் வசதிக்கு உயர்த்தி ஆரம்பித்துவிட்டால் மூன்றாவது கண்ணியில் மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். கும்மி மெட்டு ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கிவிடும், ஆகவே பேசும் குரலுக்குச் சற்றே மேலே தொடங்கினால் போதும், ஆண்கள் கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்வார்கள். இன்னொன்று வேகம். கைதட்டல் தானாகவே ஓட ஆரம்பிக்கும், கடைசிக் கண்ணிக்கு வரும்போது வார்த்தை புரியாமல் போய்விடும். நிமிடத்துக்கு நூறு தட்டுக்கு மேல் போகாமல் ஒருவர் காலால் தாளம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேகத்தில் ஒரு கண்ணியை ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிப் பாட இருபது நொடி. ஒன்பது கண்ணிக்கு மூன்று நிமிடம். இதற்கு மேல் நீண்டால் டிபன் வாசனை ஜெயித்துவிடும். வட்டமாகச் சுற்றி வர 480 சதுர அடியில் இடமில்லை, கூடத்தில் நின்றபடி அந்தந்த அறைப் பக்கம் திரும்பிக் கைதட்டினோம். காலைத் தூக்கிப் போட்டு ஆட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம், விடியற்காலையில் கீழ்வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.

கடைசிக் கண்ணி வீட்டைக் கட்டியவர்களுக்கு. தனி வீடு கட்டுகிறவர்கள் கிரகப்பிரவேசத்தன்று கொத்தனாரையும் ஆசாரியையும் உட்கார வைத்து வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பார்கள். அடுக்ககத்தில் அதற்கு வழியில்லை, நாம் சாவி வாங்கும்போது அவர்கள் வேறு ஊரில் வேறு கட்டடத்தில் இருப்பார்கள். பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. பாட்டிலாவது அவர்களை அழைக்கலாம் என்று இதை எழுதினேன்.

கல்லும் சுமந்தவர் சாந்து குழைத்தவர்
கையையும் வாழ்த்தியே கும்மியடி
நல்ல சுவரிதை நாட்டிய கொத்தனார்
நாளும் சிறந்திடக் கும்மியடி

இதைப் பாடி முடித்தபோது, அன்று அதிகாலையிலேயே வந்து படுக்கையறையில் மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஏணியிலிருந்தபடியே எட்டிப் பார்த்து, "கொத்தனாருக்கு மட்டுந்தானாக்கா?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டலை நிறுத்த வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு நான் முதல் அடியைச் சொன்னேன். இரண்டாவதை, 'பேனை'க்கு எதுகையாக 'பானகம்' பிடித்துக்கொண்டு, பெரியம்மா சொன்னார்.

பேனை உயரத்தில் மாட்டிய தம்பிக்கும்
பேர்சொல்லிப் பாடியே கும்மியடி
பானகம் மோரென்று பந்தியில் சேர்த்தவர்
பக்கத்தில் உட்கார்ந்து கும்மியடி

தம்பி இறங்கி வந்து கை கழுவினார். முதல் பந்தியில் மாப்பிள்ளை பக்கத்தில் அவருக்கு இலை போட்டாயிற்று.